லேப்டாப்பில் பாஸ், சர்வரில் ஃபெயில்

பேருந்து டிக்கெட் முன்பதிவுக்கு ஆப் நடத்தும் ஒரு சிறிய குழுவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அந்தக் குழுவில் யார் நிரலை மாற்றினாலும், ஒரே ஒரு வரியை மாற்றினாலும்கூட, அந்த மாற்றம் பயணிகளின் கைக்குப் போகும் முன் எண்ணூறு டெஸ்ட்களைத் தாண்டியாக வேண்டும். டெஸ்ட் என்பதும் ஒரு குட்டி நிரல்தான். பெரிய நிரலின் ஏதாவது ஒரு பகுதியை இயக்கிப் பார்த்து, வந்த விடை சரியா என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. ‘நாலாம் எண் சீட்டைப் பிடித்தால் பிடிபடுகிறதா’, ‘காலியான பேருந்தில் பிடிபட்ட சீட் பூஜ்யம் என்று அறிக்கை வருகிறதா’ என்று ஒவ்வொன்றும் ஒரு கேள்வி கேட்கும். விடை சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு.

நிரல் எழுதுபவர் இந்த டெஸ்ட்களை முதலில் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்ப்பார். எல்லாம் பச்சையாக வந்ததும் மாற்றத்தை அனுப்புவார். அதைப் பில்ட் சர்வர் என்கிற பொதுக் கணினி எடுத்து, புதிதாக ஒரு சூழலை உருவாக்கி, அதே எண்ணூறு டெஸ்ட்களையும் மறுபடி ஓட்டும். ஒருவருடைய கணினியில் இருக்கும் தனி ஏற்பாடுகளால் தப்பு மறைந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இரண்டாம் பார்வை.

இங்கேதான் ஒரு தொல்லை முளைக்கிறது. லேப்டாப்பில் நூறு முறை ஓட்டினாலும் பச்சையாக வரும் ஒரு டெஸ்ட், சர்வரில் இருபது முறைக்கு ஒருமுறை சிவப்பாகிறது. என்ன தப்பு என்று பார்க்க மறுபடி ஓட்டினால் பச்சை. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. குழுவில் வழக்கமாக நடக்கும் பேச்சு இதுதான்:

“என் மெஷின்ல ஓடுதே, நீங்களே வந்து பாருங்க.”

“பில்ட் சர்வர் அப்பப்ப இப்படித்தான் பண்ணும். ரீ-ரன் குடுத்துட்டு டீ சாப்பிட வாங்க.”

இப்படி ஒரு சமயம் தேறி ஒரு சமயம் தவறும் டெஸ்டைத் தொழிலில் ஃப்ளேக்கி டெஸ்ட் என்பார்கள். சிறிய குழுக்களை மட்டும் பிடிக்கும் நோய் அல்ல இது. கூகுள் நிறுவனம் 2016-இல் தன் டெஸ்ட்களைப் பற்றி வெளியிட்ட கணக்கில், அங்கிருந்த டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்தக் குணம் ஓரளவாவது இருந்தது. அதைவிடக் கவலையான எண் ஒன்றும் அதில் உண்டு. அதுவரை தேறிக்கொண்டிருந்த டெஸ்ட் திடீரெனத் தவறிய சம்பவங்களில் 84 சதவீதம், ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டவை. சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் பொய்தான் என்ற நிலை வந்துவிட்டால், உண்மையான சிவப்பை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஒரு சாதாரணக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு டெஸ்ட் ஆயிரம் தடவைக்கு ஒருமுறைதான் காரணமில்லாமல் தவறுகிறது என்றால் அது நல்ல டெஸ்ட் மாதிரிதான் தெரியும். அப்படிப்பட்ட ஆயிரம் டெஸ்ட்கள் ஒரு நிரலுக்கு இருந்தால், எல்லாமே ஒருசேரத் தேறுவதற்கான வாய்ப்பு சுமார் 37 சதவீதம்தான். மூன்று பில்டில் இரண்டு, யார் தப்பும் இல்லாமலே சிவப்பாகும்.

ஆனால் ‘காரணமில்லாமல்’ என்று நான் எழுதியது பேச்சுவழக்குக்காக. காரணம் இருக்கிறது. நம் பேருந்து ஆப்பிலேயே ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்.

பயணி ஒரு சீட்டைத் தொட்டதும் அதை அவர் பெயரில் பிடித்து வைக்க வேண்டும்; பணம் கட்டும்வரை வேறு யாருக்கும் அது போகக் கூடாது. அந்த வேலையைச் செய்யும் பகுதி இது:

```python
def hold_seat(seat):
    threading.Thread(target=save_hold, args=(seat,)).start()
    return True
```

சீட்டைத் தரவுத்தளத்தில் பதிவது `save_hold`. எழுதியவர் அதை நேரடியாகக் கூப்பிடாமல், பின்னணியில் ஓடும் ஒரு தனி இழையிடம், அதாவது த்ரெட்டிடம் ஒப்படைத்திருக்கிறார். பதிவு முடியும்வரை பயணியின் திரை காத்திருக்க வேண்டாமே என்பது அவர் எண்ணம். எனவே `hold_seat` வேலையை ஒப்படைத்த மறுகணமே `True` என்று சொல்லிவிடும். அந்த நொடியில் சீட் பதிவாகியும் இருக்கலாம், பதிவாகாமலும் இருக்கலாம்.

இதற்கு இரண்டு டெஸ்ட்கள், அடுத்தடுத்து ஓடுபவை:

```python
def test_hold():
    prepare()
    assert hold_seat("L4") is True

def test_empty_bus():
    prepare()
    report = make_report()
    assert report.held == 0
```

`prepare` மாதிரி வழித்தடங்களை ஏற்றிவிட்டு, கடைசி வேலையாகப் பிடித்த சீட்களின் அட்டவணையைக் காலி செய்யும். முதல் டெஸ்ட், சீட்டைப் பிடிக்கச் சொன்னால் `True` வருகிறதா என்று பார்க்கிறது. இரண்டாவது, யாரும் எதையும் பிடிக்காத பேருந்துக்கு அறிக்கை எடுத்தால் பூஜ்யம் வருகிறதா என்று பார்க்கிறது. சர்வரில் அவ்வப்போது சிவப்பாவது இரண்டாவது. எதிர்பார்த்தது 0, வந்தது 1 என்கிறது பிழைச் செய்தி. யாரும் பிடிக்காத சீட்டை யார் பிடித்தார்கள்?

இங்கே நேரத்தை மில்லி விநாடிகளில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு விநாடியில் ஆயிரம் மில்லி விநாடி. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, ஆனால் நிஜத்தில் நடப்பதும் இந்த அளவுகளில்தான்.

லேப்டாப்பில் முதல் டெஸ்ட் `hold_seat`ஐக் கூப்பிடும் கணத்தைப் பூஜ்யம் என்போம். பின்னணி இழை உடனே கிளம்பி, 5-ஆம் மில்லி விநாடியில் சீட்டைப் பதிந்துவிடுகிறது. அதற்குள் முதல் டெஸ்ட் தேறி முடிந்து, இரண்டாவது டெஸ்டின் `prepare` ஆரம்பித்திருக்கும். அது வழித்தடங்களை ஏற்றி முடித்து 30-இல் அட்டவணையைக் காலி செய்கிறது. முதல் டெஸ்ட் விட்டுப்போன L4 பதிவும் அதோடு துடைபட்டுப்போகிறது. 45-இல் அறிக்கை எண்ணிப் பார்க்கிறது. பூஜ்யம். பச்சை.

சர்வரில் நிலைமை வேறு. லேப்டாப்பில் எட்டு கோர்கள் இருக்கலாம். ஓடுவது இந்த டெஸ்ட் மட்டும்தான். பில்ட் சர்வரில் இந்த வேலைக்கு ஒதுக்கியது இரண்டு கோர்தான். அதிலேயே தரவுத்தளமும் ஓட வேண்டும், வேறு டெஸ்ட்களும் ஓட வேண்டும். அதன் வட்டையோ வேறு நான்கு பில்டுகள் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். எந்த இழைக்கு எப்போது முறை கொடுப்பது என்பதை இயங்குதளம் தீர்மானிக்கும். நம் நிரலைக் கேட்டுக்கொண்டு தீர்மானிக்காது. ஆகவே அங்கே சில சமயம் இப்படி ஆகிறது: பின்னணி இழை முறைக்காகக் காத்து நிற்கிறது. 60-இல் `prepare` அட்டவணையைக் காலி செய்கிறது. 68-இல்தான் பின்னணி இழைக்கு முறை வந்து, முதல் டெஸ்ட் கேட்ட சீட்டை இப்போது பதிகிறது. 80-இல் இரண்டாவது டெஸ்டின் அறிக்கை எண்ணிப் பார்க்கிறது. ஒன்று. சிவப்பு.

வகுப்பு முடிந்து மணி அடித்து, அடுத்த ஆசிரியர் வந்து கரும்பலகையைத் துடைத்த பிறகு, முந்தைய வகுப்பு மாணவன் ஓடிவந்து தன் பாக்கிக் கணக்கை எழுதிவிட்டுப் போவது போன்றது இது. கரும்பலகை இரண்டு வகுப்புக்கும் பொது என்பது ஒரு பாதி. அவன் எப்போது வருவான் என்பதற்கு வரையறை இல்லை என்பது மறு பாதி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சிக்கல் எழாது.

தவறுதல் ஏன் எப்போதாவது மட்டும் நேர்கிறது என்பதும் இப்போது விளங்கும். தாமதமான பதிவு அட்டவணை துடைபட்ட 60-க்கும், அறிக்கை எண்ணிய 80-க்கும் நடுவே விழுந்தால்தான் சிவப்பு. 60-க்கு முன்னே விழுந்தால் துடைபட்டுவிடும். 80-க்குப் பிறகு விழுந்தால் இந்த டெஸ்ட் அதைப் பார்க்காமலே தேறிவிடும். இருபது மில்லி விநாடி அகலமுள்ள ஒரு சன்னல். அதில் கல் விழுகிறதா இல்லையா என்பதுதான் சிவப்பையும் பச்சையையும் முடிவு செய்கிறது. இன்னும் தாமதமானால் பதிவு மூன்றாவது டெஸ்டுக்குள் போய் விழுந்து அதைச் சிவப்பாக்கலாம். அதனால்தான் குழுவினர் ‘இன்றைக்கு இந்த டெஸ்ட், நேற்று வேறொன்று’ என்று புலம்புவார்கள். பார்ப்பவருக்கு மூன்று தனித்தனி நோய்கள் போலத் தெரியும், வேர் ஒன்றுதான்.

கவனித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சிவப்பானது இரண்டாவது டெஸ்ட், அதில் ஒரு குற்றமும் இல்லை. பச்சையாக முடிந்த முதல் டெஸ்ட்தான் குப்பையை விட்டுப்போனது. ஆய்வாளர்கள் முதலாவதை மாசுபடுத்தும் டெஸ்ட் என்றும், இரண்டாவதை அதற்குப் பலியான டெஸ்ட் என்றும் பிரித்துச் சொல்வார்கள். தவறிய டெஸ்டின் வரிகளையே நாள் முழுக்க உற்றுப் பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. விடை அந்தக் கோப்பிலேயே இல்லாமல் இருக்கலாம்.

பழி வேறிடத்தில் இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் வேலை, சிவப்பான அந்த ஓட்டத்தின் பதிவேட்டை எடுத்து, தவறிய டெஸ்டுக்கு முன்னால் எவை எந்த வரிசையில் ஓடின என்று குறித்துக்கொள்வது. ரீ-ரன் பொத்தானை அழுத்தும் முன் இதைச் செய்ய வேண்டும். பல அமைப்புகளில் மறு ஓட்டம் பச்சையானதும் பழைய பதிவேட்டை யாரும் தேடிப் போவதில்லை. கையில் இருந்த ஒரே தடயம் அத்தோடு போய்விடும்.

அடுத்து, தவறிய டெஸ்டைத் தனியாக இருநூறு முறை ஓட்டிப் பார்ப்பது. பிறகு அதற்கு முந்தியவற்றையும் சேர்த்து, முழுக் கோப்பாக இருநூறு முறை:

```bash
for i in $(seq 200); do taskset -c 0 pytest -q test_booking.py || break; done
```

இதில் `taskset -c 0` என்பது லினக்ஸில் எல்லா வேலையையும் ஒரே கோரில் நெருக்கி ஓட்டச் சொல்லும் கட்டளை. லேப்டாப்பின் தாராளத்தைப் பறித்து, சர்வரின் நெருக்கடியை ஓரளவு அங்கேயே கொண்டுவருகிறோம். தனியாக ஓடும்போது ஒருமுறைகூடத் தவறாத டெஸ்ட், கோப்போடு சேர்ந்து ஓடும்போது தவறினால், அது பகிர்ந்த நிலையால் வந்த கோளாறு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தனியாகவே தவறினால், காரணம் அந்த டெஸ்டுக்குள்ளே அல்லது அது இயக்கும் நிரலுக்குள்ளே இருக்கும் நேரப் பிரச்சினை.

எத்தனை முறை ஓட்டுவது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் தவறும் டெஸ்டை இருபது முறை ஓட்டிவிட்டு ‘வரவில்லை, சரியாகிவிட்டது’ என்பார்கள். அப்படிப்பட்ட டெஸ்ட் இருபது முறையும் தொடர்ந்து தேறுவதற்கு 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ‘கோளாறு போய்விட்டது’ என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல 59 முறை தொடர்ந்து பச்சை வர வேண்டும். தவறுதல் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு கூடுதலாக ஓட்ட வேண்டியிருக்கும். நூறுக்கு ஒன்று என்றால் முந்நூறு முறை.

ஆகவே தேர்ந்தவர்கள் அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. சந்தேகம் விழும் இடத்தில் தாமதத்தை அவர்களே செருகுவார்கள். நம் ஆப்பில் சந்தேகம் பின்னணி இழை மேல். அதன் தொடக்கத்தில் ஒரு வரி:

```python
def save_hold(seat):
    time.sleep(0.05)   # சோதனைக்காக மட்டும்
    ...
```

ஐம்பது மில்லி விநாடி தாமதம் லேப்டாப்பில் பதிவை 5-இலிருந்து 55-க்குத் தள்ளும். அது சன்னலைத் தாண்டிவிடும், ஏனென்றால் லேப்டாப்பின் சன்னல் 30-க்கும் 45-க்கும் நடுவே. ஆகையால் 0.03 என்று மாற்றிப் பார்க்கிறோம். 35-ஆம் மில்லி விநாடியில் பதிவு விழுகிறது. லேப்டாப்பிலேயே, கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் சிவப்பு. தாமதத்தை எடுத்தால் பச்சை. சர்வரில் இருபதுக்கு ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறைந்த ஒன்று இப்போது கூப்பிட்ட நேரத்தில் வந்து நிற்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான். ஊகமாக இருந்ததை ஐந்து நிமிடத்தில் நிரூபணமாக மாற்றிவிடும்.

நோய் தெரிந்தாயிற்று. மருந்து என்ன?

பலரும் முதலில் எடுப்பது, டெஸ்டுக்குள் ஒரு விநாடி தூங்கவைக்கும் `time.sleep(1)`. முதல் டெஸ்டின் கடைசியில் அதைப் போட்டால் பின்னணி இழை முடிக்க அவகாசம் கிடைக்கும். சிவப்பு பெரும்பாலும் நின்றுபோகும். ஆனால் சர்வர் எப்போதாவது ஒன்றரை விநாடி திணறினால் பழைய கதைதான். எண்ணூறு டெஸ்டிலும் ஆளுக்கு ஒரு விநாடி என்று பரவிவிட்டால், ஒவ்வொரு பில்டுக்கும் பதின்மூன்று நிமிடம் தூக்கத்திலேயே போகும். பிறகு ‘பில்ட் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது’ என்று ஒரு தனிக் கூட்டம் நடக்கும்.

கொஞ்சம் மேலான வழி, குறிப்பிட்ட நேரம் தூங்காமல், நடக்க வேண்டியது நடந்துவிட்டதா என்று அடிக்கடி எட்டிப் பார்ப்பது:

```python
def wait_until(check, limit=10):
    end = time.monotonic() + limit
    while time.monotonic() < end:
        if check():
            return
        time.sleep(0.02)
    raise AssertionError("timeout")
```

வேலை 5 மில்லி விநாடியில் முடிந்தால் டெஸ்டும் உடனே நகர்ந்துவிடும்; சர்வர் திணறினால் பத்து விநாடிவரை பொறுக்கும். `time.monotonic` பின்னோக்கிப் போகாத கடிகாரம். சுவர்க் கடிகாரம் போன்ற சாதாரண நேரத்தை இங்கே பயன்படுத்தினால், கணினி தன் நேரத்தை இணையத்தோடு சரிசெய்துகொள்ளும் கணத்தில் அது முன்னே பின்னே தாவி, கணக்கு கெட்டுவிடும். இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. ‘ஒன்று நடந்துவிட்டதா’ என்று காத்திருக்கலாம். ‘ஒன்று நடக்கவே இல்லை’ என்பதை இப்படிக் காத்திருந்து அறிய முடியாது. நம் இரண்டாவது டெஸ்ட் கேட்பது பின்னதைத்தான்.

மூன்றாவது வழி, பகிர்வையே ஒழிப்பது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனியாக ஒரு தற்காலிகத் தரவுத்தளம் கொடுத்துவிட்டால், தாமதமாக வரும் பதிவு தன்னுடைய பழைய தரவுத்தளத்தில் போய் விழும், அடுத்தவரைத் தொடாது. இது நல்ல பழக்கம், செய்ய வேண்டியதும்கூட. பலர் இதற்குப் பதிலாக டெஸ்ட் முடிந்ததும் பரிவர்த்தனையைத் திரும்பப் பெறும் முறையை வைத்திருப்பார்கள். அது இங்கே உதவாது. பின்னணி இழை தனக்கென்று வேறு இணைப்பில் தரவுத்தளத்தோடு பேசுவதால், டெஸ்டின் பரிவர்த்தனைக்குள் அது அடங்காது.

நேரப் பிரச்சினை என்றதும் இந்தியக் குழுக்கள் அடிக்கடி சந்திக்கும் இன்னொரு வகையை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். லேப்டாப் இந்திய நேரத்தில் ஓடும். பில்ட் சர்வர் பெரும்பாலும் யுடிசி நேரத்தில், ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். நிரல் ‘இன்றைய தேதி’யை இந்திய நேரப்படி கணக்கிட, டெஸ்ட் மட்டும் கணினியின் சொந்தத் தேதியைக் கேட்டால், லேப்டாப்பில் இரண்டும் எப்போதும் ஒத்துப்போகும். சர்வரில், நம் நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 5.30 வரை ஓடும் பில்டில் மட்டும் இரண்டுக்கும் ஒருநாள் வித்தியாசம் வரும். காலையில் வந்து பார்ப்பவர் ரீ-ரன் கொடுப்பார், பச்சையாகும். இதற்கு மருந்து எளிது: டெஸ்டில் தேதியைக் கணினியிடம் கேட்காமல் நாமே நிர்ணயித்துக் கொடுத்துவிட வேண்டும்.

மறுபடி சீட்டுக்கு வருவோம். தனித் தரவுத்தளம் கொடுத்தாயிற்று, டெஸ்ட்கள் எல்லாம் பச்சை, குழு நிம்மதியாகிவிட்டது. இங்கேயே நிறுத்தினால் பெரிய தப்பு. ஏனென்றால் தாமதமான பதிவு டெஸ்டில் மட்டும் நடக்கும் விஷயமில்லை. பயணியின் கையிலும் அதேதான் நடக்கும்.

ஒருவர் L4-ஐத் தொடுகிறார். `hold_seat` உடனே `True` சொல்கிறது. பதிவு பின்னணியில் காத்து நிற்கிறது. அவர் பணம் கட்டப் போகிறார். அட்டை காலாவதியானது, வங்கி உடனே மறுத்துவிடுகிறது. ஆப் `release_seat`ஐக் கூப்பிட்டு, L4 பதிவை அழிக்கச் சொல்கிறது. அழிக்க அங்கே பதிவு எதுவும் இன்னும் வரவில்லை. தரவுத்தளம் அதைப் பிழையாகக் கருதாது. பூஜ்யம் வரிகளை அழித்தேன் என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். அதன் பிறகுதான் பின்னணி இழைக்கு முறை வந்து L4-ஐப் பிடித்துப் பதிகிறது. இப்போது அந்த சீட் யாருக்கும் சொந்தமில்லை, யாருக்கும் கிடைக்கவும் இல்லை. பேருந்து கிளம்பும்வரை அது பூட்டியே கிடக்கும்.

இது எப்போது அதிகமாக நடக்கும்? சர்வர் திணறும்போது. முன்பதிவு சர்வர் எப்போது திணறும்? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகக் கூட்டம் மொய்க்கும் நேரத்தில். ஒவ்வொரு சீட்டுக்கும் ஆள் தேடிக்கொண்டிருக்கும் அன்றைக்குப் பார்த்து, காலி சீட்கள் நிரம்பியவை போலக் காட்டிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பிப் போகும். பில்ட் சர்வரின் நெருக்கடி, பண்டிகை நாள் நெருக்கடியைத்தான் சிறிய அளவில் முன்கூட்டியே காட்டியது. இருபதில் ஒருமுறை எரிந்த அந்தச் சிவப்பு, நிரலைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. அதை ஒவ்வொரு முறையும் ரீ-ரன் கொடுத்து அணைத்தார்கள்.

இது நான் ஆசைக்கு ஜோடித்த விதிவிலக்கு இல்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களில் ஃப்ளேக்கி டெஸ்ட்களுக்காகச் செய்யப்பட்ட 201 திருத்தங்களை எடுத்துப் படித்தார்கள். காரணம் தெளிவாக வகைப்படுத்த முடிந்தவற்றில் 45 சதவீதம், பின்னணி வேலை முடியச் சரியாகக் காத்திருக்காததால் வந்தவை. 20 சதவீதம் இழைகள் ஒன்றோடொன்று மோதியதால். 12 சதவீதம் டெஸ்ட்களின் வரிசையை நம்பியதால். இன்னொரு கண்டுபிடிப்புதான் இங்கே முக்கியம்: ஏறக்குறைய நான்கில் ஒரு திருத்தம் டெஸ்டை மட்டும் தொடாமல், டெஸ்ட் செய்யப்பட்ட நிரலையும் மாற்றியது, அப்படி மாற்றியவற்றில் பெரும்பாலானவை அந்த நிரலில் இருந்த உண்மையான பிழையைச் சரிசெய்தன.

ரீ-ரன் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவசரத் திருத்தம் ஒன்று வெளியே போக வேண்டிய இரவில், சம்பந்தமே இல்லாத ஒரு டெஸ்ட் வழிமறித்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் தவறினால் தானாகவே இரண்டு முறை மீண்டும் ஓட்டு என்று அமைப்பிலேயே எழுதிவைப்பது வேறு விஷயம். இருபதுக்கு ஒருமுறை தவறும் டெஸ்ட், மூன்று முயற்சியிலும் தவற வாய்ப்பு எட்டாயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். அந்தக் கோளாறு அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படாது. நிரலிலோ அப்படியே இருக்கும். மார்ட்டின் ஃபௌலர் 2011-லேயே இதற்கு ஒரு நடுவழி சொன்னார்: நம்ப முடியாத டெஸ்டை முக்கிய வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக ஒதுக்கி வை, ஆனால் ஒதுக்கியவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பு வை. வரம்பு இல்லாவிட்டால் ஒதுக்கிடம் மெல்ல மெல்லக் கல்லறையாகிவிடும். ஒதுக்கும்போது எந்த பில்டில், எந்த வரிசையில், என்ன செய்தியோடு தவறியது என்ற குறிப்பையும் கூடவே வைத்தால்தான் பின்னால் எடுத்துப் பார்ப்பவருக்குப் பயன்படும்.

நம் ஆப்பில் திருத்தம் கடைசியில் மிகச் சிறியதாக முடிந்தது. பின்னணி இழை போயிற்று:

```python
def hold_seat(seat):
    save_hold(seat)
    return True
```

பயணியின் திரை வழக்கமான நாளில் சில மில்லி விநாடி கூடுதலாகக் காத்திருக்கும். எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. பதிலுக்கு, `True` என்று வந்தால் சீட் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு வரும் `release_seat`க்கு அழிக்க ஒரு பதிவு இருக்கும். டெஸ்ட்களுக்கு நடுவே வழிதவறித் திரிய ஒரு இழையும் இல்லை. பதிவு உண்மையிலேயே நீண்ட நேரம் பிடிக்கும் நிரல்களில் இவ்வளவு எளிதாக முடியாது. அங்கே பின்னணி வேலை தேவைதான்; ஆனால் ஒரே சீட்டுக்கான பிடிப்பும் விடுவிப்பும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்படி அமைக்க வேண்டியிருக்கும்.

கோளாறைக் கண்டுபிடிக்கச் செருகிய தாமதத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை நிரலிலிருந்து எடுத்து, நிரந்தரமாக ஒரு டெஸ்டாகவே எழுதிவைக்கலாம்:

```python
def test_slow_save(monkeypatch):
    prepare()
    real = booking.save_hold
    def slow(seat):
        time.sleep(0.5)
        real(seat)
    monkeypatch.setattr(booking, "save_hold", slow)
    booking.hold_seat("L4")
    booking.release_seat("L4")
    time.sleep(1)
    assert booking.count_holds() == 0
```

டெஸ்ட் ஓடும்போது மட்டும் `save_hold` அரை விநாடி தாமதமாக நடக்கும்படி மாற்றி, சீட்டைப் பிடித்து உடனே விடுவிக்கிறது. பழைய நிரலில் விடுவித்த பிறகுதான் பதிவு வந்து விழும். எனவே லேப்டாப், சர்வர் எதுவானாலும் சிவப்பு. புதிய நிரலில் பச்சை. இதிலும் ஒரு `sleep(1)` இருக்கிறதே என்று கேட்கலாம். சரியாக எழுதிய நிரல் இருக்கும்போது சர்வர் எவ்வளவு திணறினாலும் இந்த டெஸ்ட் பொய்யாகச் சிவப்பாகாது. பழைய பிழை திரும்பி வந்து, அதே வேளையில் சர்வரும் பின்னணி இழையை அரை விநாடிக்கு மேல் நிறுத்தி வைத்தால் மட்டும், இது பிழையைப் பார்க்காமல் விட்டுவிடக்கூடும். அடுத்த பில்டில் மாட்டிக்கொள்ளும். நாளைக்கு வேறொருவர் வேகத்துக்காகப் பின்னணி இழையை மறுபடி சேர்த்தால், தன் லேப்டாப்பிலேயே, முதல் ஓட்டத்திலேயே அவருக்குச் சிவப்பு வரும்.